தமிழ்ல உள்ள வாரிசு சான்றிதழை இங்கிலீஷ்ல மாத்தி, திருவனந்தபுரம் பேங்க்ல கிடக்குற சித்தப்பா பணத்தை வாங்குறது எப்படி?

தக்கலை மைந்தன்
06.01.2026, இரவு 9.40

எனக்க சித்தப்பா, அதாவது அப்பாவுக்க தம்பி, போன ஜூன் மாசம் தவறிட்டாவ. ரொம்ப வருஷம் திருவனந்தபுரத்துல ஒரு மரக்கடையில கணக்கு எழுதிட்டு இருந்தாவ, அதனால அவியளுக்க சேமிப்பு எல்லாம் அங்க உள்ள ஒரு பேங்க் பிராஞ்ச்ல தான். சேவிங்ஸ்ல 2,40,000, பிக்சட் டெபாசிட் 6,00,000. நாமினி போடல.

வீடு தக்கலை பக்கம், அதனால வாரிசு சான்றிதழ் கல்குளம் தாலுகாவுல வாங்கியாச்சு. சித்தி, மவன், மவ, பாட்டி (சித்தப்பாவுக்க அம்மா) நாலு பேரு பேரும் இருக்கு. முழுக்க தமிழ்ல இருக்கு. பிராஞ்ச்ல உள்ளவங்க தமிழ் நல்லா பேசுவாங்க, வாசிக்கத் தெரியாது, அதனால இங்கிலீஷ்ல மாத்திக் கொண்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. ஒரு டைப்பிங் சென்டர்ல குடுத்து மாத்துனோம், தலைப்புல சக்சஷன் சர்ட்டிபிகேட்னு அடிச்சிட்டாங்க. அதைப் பாத்துட்டு பிராஞ்ச்ல எந்த கோர்ட்டு, அங்க போட்ட மனுவோட ஓ.பி. நம்பர் என்னன்னு கேக்குறாங்க. நாங்க கோர்ட்டுக்கே போகல.

ரெண்டு விஷயம் தெரியணும். மொழிபெயர்ப்பை யாரு செய்யணும், எப்படி செய்யணும். அது முடிஞ்ச பிறகு பேங்க்ல என்னென்ன குடுக்கணும், எந்த வரிசையில. சித்தி ஒத்தையில இருக்காவ, நான் தான் அலையணும்.

இரணியல் செல்வம்
06.01.2026, இரவு 10.15

தம்பி நீ வீணா அலையாத. ரிசர்வ் பேங்க் புது ரூல் போட்டாச்சு, 15 லட்சம் வரைக்கும் எந்த பேப்பரும் வேண்டாம், டெத் சர்ட்டிபிகேட்டும் ஆதாரும் காட்டுனா குடுத்துரணும். மொழிபெயர்ப்பு வேணும்னா கவர்மெண்ட் அங்கீகாரம் உள்ள டிரான்ஸ்லேட்டர் தான் செய்யணும், அவங்க சென்னையில தான் இருப்பாங்க.

குழித்துறை நோட்டரி ஆபீஸ்
07.01.2026, காலை 7.05

சென்னைக்கெல்லாம் போகாண்டாம். நான் இங்க ஒரு நோட்டரி வக்கீல் ஆபீஸ்ல டைப் பண்ணுதேன், களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கணக்கு வச்சிருக்கவங்க நிறைய பேரு இதே கேஸோட தான் வருவாங்க. நோட்டரி சட்டம் 1952, எட்டாவது பிரிவுல ஒரு நோட்டரி செய்யக்கூடிய வேலையில ஒரு பத்திரத்தை ஒரு மொழியில இருந்து இன்னொரு மொழிக்கு மாத்துறதும் அந்த மாத்தலைச் சரிபாக்குறதும் இருக்கு. அதனால ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஒருத்தர் மாத்தி, "எனக்கு தமிழும் இங்கிலீஷும் தெரியும், மூலத்துல உள்ளதை அப்படியே மாத்தியிருக்கேன்"னு கீழ எழுதி கையெழுத்து போட்டு, அதை நோட்டரி சரிபாத்து சீல் வச்சா சாதாரணமா பேங்க் எடுத்துக்கிடும். மாத்துற ஆளு வாரிசா இருக்கக்கூடாதுன்னு எங்கயும் படிச்சதில்ல, ஆனா பணம் வாங்கப் போற ஆளே மாத்துனதுன்னா பேங்க் முகம் சுளிக்கும், வெளியாளை வச்சுச் செய்ங்க.

இப்ப எப்படி மாத்தணும்னு சொல்லுதேன். முதல்ல தலைப்பு. தாசில்தார் குடுக்கறது லீகல் ஹெயர் சர்ட்டிபிகேட். சக்சஷன் சர்ட்டிபிகேட்ங்கறது 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கோர்ட்டு குடுக்கறது, ரெண்டும் வேற வேற பேப்பர். தலைப்பை மாத்திப் போட்டா பேங்க் கோர்ட்டு நம்பர் தான் கேக்கும், அதுல அவங்க தப்பு ஒண்ணும் இல்ல.

அடுத்து ந.க.எண். மேல இடது பக்கம் இருக்கும். அதோட விரிவு நடப்புக் கணக்கு எண், அதாவது ஆபீஸ் ஃபைல் நம்பர், இங்கிலீஷ்ல ரோக் நம்பர்னு தான் ரெவின்யூ ஆபீஸ்ல எழுதுவாங்க. டைப்பிங் சென்டர்ல இதை கரண்ட் அக்கவுண்ட் நம்பர்னு அடிச்சிருவாங்க. பேங்க்ல போயி அந்த வார்த்தை நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, இறந்தவருக்கு இன்னொரு கணக்கு இருக்கு போலன்னு தேட ஆரம்பிச்சிருவாங்க. உங்க பேப்பர்ல அதையும் பாத்துக்கிடுங்க.

சீல், கையெழுத்து, கியூஆர் கோடு, ஓரத்துல உள்ள சின்ன எழுத்து எதையும் விடக்கூடாது. "தாசில்தார் கையெழுத்து", "வட்ட சீல், அதில் உள்ள வாசகம் இது"ன்னு அடைப்புக்குள்ள எழுதணும். கீழ "இந்தச் சான்று இன்ன காரியத்துக்கு மட்டும்"னு குறிப்பு இருந்தா அது நமக்குச் சாதகமா இல்லாட்டாலும் மாத்தியே ஆகணும். சும்மா நாலு பேரு பேரையும் உறவையும் மட்டும் மாத்திக் கொண்டு போனா அது மொழிபெயர்ப்பு இல்ல, சுருக்கம். தேதியை 03.06.2025னு விடாம மாசத்தை எழுத்துல எழுதுங்க.

தக்கலை மைந்தன்
07.01.2026, மதியம் 1.20

அண்ணே இப்ப தான் எடுத்துப் பாத்தேன், கரண்ட் அக்கவுண்ட் நம்பர்னு தான் அடிச்சிருக்கு. தலைப்பு மட்டும்தான் பிரச்சனைன்னு நினைச்சிட்டிருந்தோம்.

இன்னொண்ணு. சித்தப்பாவுக்க பேரு மணி என்கிற சுப்பிரமணியன்னு வச்சிக்கிடுங்க (நிஜப் பேரு இல்ல). சான்றிதழ்ல "ரா. மணி என்கிற சுப்பிரமணியன்". பாஸ்புக்ல சுப்ரமோணியன் ஆர்., பழைய திருவிதாங்கூர் எழுத்து, எம் ஓ என் ஐ ன்னு வரும். ஆதார்ல எம் ஏ என் ஐ. மாத்தும்போது பாஸ்புக்ல உள்ள மாதிரியே எழுதிரலாமா? சோலி எளுப்பமா முடியுமே.

குழித்துறை நோட்டரி ஆபீஸ்
07.01.2026, இரவு 8.30

நம்ம ஜில்லாவுல இது தீராத கதை. 1956க்கு முந்தி பள்ளிக்கூடத்துல சேர்ந்தவங்க நிறைய பேருக்கு பேரு ஓ போட்டு இருக்கும், அவங்க பிள்ளைங்க சர்ட்டிபிகேட்லயும் அதே ஓட்டம். இனிஷியல் கேரளா பக்கம் பின்னால, நமக்கு முன்னால.

தமிழ் எழுத்தை இங்கிலீஷ்ல எந்த ஸ்பெல்லிங்ல எழுதுறதுங்கறது மாத்துறவங்க கையில இருக்கு, அதனால பாஸ்புக் ஸ்பெல்லிங்கை எடுத்துக்கிடலாம், அது தப்பில்ல. ஆனா மூலத்துல இல்லாததைச் சேக்கக்கூடாது. ரா.ங்கறதை ராமசாமின்னு விரிக்கக்கூடாது, "மணி என்கிற"ங்கறதை எடுத்துப் போடவும் கூடாது. அதை ஏலியஸ்னு எழுதணும். அதுக்கு மேல உள்ள வித்தியாசத்துக்கு மொழிபெயர்ப்பு பொறுப்பில்ல. பாஸ்புக்ல உள்ள ஆளும் சான்றிதழ்ல உள்ள ஆளும் ஒரே ஆளு தான்னு சித்தி ஒரு அபிடவிட் தனியா போடணும், கூட ஆதார், பழைய ரேஷன் கார்டு மாதிரி ஏதாவது வைக்கணும். மொழிபெயர்ப்புக்குள்ள பேரை ஒட்டவச்சு கொண்டு போயி பிராஞ்ச்ல யாராச்சும் தமிழ் வாசிக்கறவங்க வந்து பாத்துட்டா பேப்பர் முழுக்க சந்தேகத்துக்குப் போயிரும்.

ரிட்டயர்டு மேனேஜர், மார்த்தாண்டம்
08.01.2026, காலை 6.15

பிராஞ்ச்ல உக்காந்து இந்த ஃபைலை எல்லாம் பாத்தவன்ங்கற முறையில சொல்றேன்.

செல்வம் சொன்னதுல பாதி சரி. 2025 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி இறந்தவங்க கணக்கு பத்தி புது உத்தரவு போட்டது உண்மை, எல்லா பேங்கும் 2026 மார்ச் 31க்குள்ள அதுக்கு மாறணும். நாமினியும் இல்ல, கூட்டுக் கணக்கும் இல்லன்னா வணிக பேங்க்ல 15 லட்சம் வரைக்கும், கூட்டுறவு பேங்க்ல 5 லட்சம் வரைக்கும் சுருக்க வழி. ஆனா சுருக்க வழின்னா பேப்பரே வேண்டாம்னு அர்த்தம் இல்ல. கோர்ட்டு சக்சஷன் சர்ட்டிபிகேட் கேக்கக்கூடாது, மூணாவது ஆளோட ஜாமீன் கேக்கக்கூடாது, அவ்வளவு தான். கிளெய்ம் ஃபாரம், இறப்புச் சான்று, பணம் வாங்குறவங்க அடையாளச் சான்று, பிறகு ஏதாவது பிரச்சனை வந்தா நஷ்டத்தை நாங்க ஏத்துக்கிடுறோம்னு எழுதிக் குடுக்கற இண்டெம்னிட்டி பாண்டு, பணம் வாங்காத வாரிசுகள் குடுக்கற ஆட்சேபணை இல்லாக் கடிதம், வாரிசு யார் யாருங்கறதுக்கு ஆதாரம், இத்தனையும் வேணும்.

அந்தக் கடைசி ஆதாரத்துல தான் உங்களுக்கு ஒரு வழி இருக்கு. தாசில்தார் சான்றிதழ் ஒரு வழி. இல்லைன்னா, குடும்பத்தை நல்லா தெரிஞ்ச, ஆனா இந்தப் பணத்துல சம்பந்தமே இல்லாத, பேங்க் ஏத்துக்கிடுற ஒருத்தர் வாரிசு யாருன்னு உறுதிமொழி எழுதிக் குடுத்தாலும் போதும்னு அந்த உத்தரவுலயே இருக்கு. அந்த மரக்கடை முதலாளி அங்கயே கணக்கு வச்சிருந்தா அவரே பொருத்தமான ஆளு. ஆனாலும் கையில சான்றிதழ் இருக்கும்போது அதையே குடுங்க, அதுக்கு எடை அதிகம்.

இன்னொரு விஷயம் சொல்லணும். கேரளாவுல தாசில்தார் ஹெயர்ஷிப் சர்ட்டிபிகேட் குடுக்கணும்னா முதல்ல கெசட்ல போட்டு 30 நாள் ஆட்சேபணைக்கு விடுவாங்க. நம்ம பக்கம் விஏஓ, ஆர்.ஐ. விசாரிச்சு அறிக்கை குடுப்பாங்க, கெசட் கிடையாது. அதனால பிராஞ்ச்ல கெசட் எங்கன்னு கேட்டா சண்டை போடாம இதை விளக்கிச் சொல்லுங்க, சான்றிதழ்ல உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணிக் காட்டுங்க.

இப்ப ஒரு கேள்வி. சான்றிதழ்ல உள்ள நாலு பேரும் இன்னைக்கு உயிரோட இருக்காங்களா? மவனும் மவளும் எங்க இருக்காங்க?

தக்கலை மைந்தன்
08.01.2026, இரவு 9.10

மவ கல்யாணமாகி வேர்கிளம்பியில இருக்கா. தம்பி துபாய்ல. பாட்டி நவம்பர்ல தவறிட்டாவ சார். சித்தப்பா போன பிறகு படுத்தவிய தான், எந்திரிக்கவே இல்ல. ஆனா சான்றிதழ் அதுக்கு முந்தியே வாங்கியாச்சு, அதனால அதுல ஒண்ணும் மாத்தம் இல்லியே?

ரிட்டயர்டு மேனேஜர், மார்த்தாண்டம்
09.01.2026, காலை 6.20

வருத்தமா இருக்கு தம்பி.

சான்றிதழ்ல மாத்தம் இல்ல, பங்குல தான் மாத்தம். சித்தப்பா இறந்த அன்னைக்கு பாட்டி உயிரோட இருந்ததால அந்தப் பங்கு அவங்களுக்கு விழுந்தாச்சு. அவங்க போனதும் அது அழியாது, அவங்க வாரிசுகளுக்குப் போகும். அதாவது உங்க அப்பாவும் இதுக்குள்ள வர்றாங்க. பாட்டிக்கு வேற பிள்ளைங்க உண்டா?

தக்கலை மைந்தன்
09.01.2026, காலை 11.45

ஒரு அத்தை உண்டு, சுசீந்திரத்துல கட்டிக் குடுத்தது. தாத்தா எப்பவோ போயிட்டாவ. அப்ப சித்தப்பா பணத்துல எங்க அப்பாவுக்கும் அத்தைக்கும் பங்கு வருமா? இதை வீட்டுல சொன்னா சித்தி என்ன நினைப்பாவன்னு எனக்கு மனசே சரியில்ல. நான் சித்திக்கு உதவத்தான் இதுல இறங்குனேன்.

ரிட்டயர்டு மேனேஜர், மார்த்தாண்டம்
09.01.2026, இரவு 7.50

சொல்லித்தான் ஆகணும், இல்லைன்னா பிராஞ்ச்ல சொல்லுவாங்க, அது இதைவிட மோசம்.

மொத்தம் 8,40,000. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு ஆண் இறந்தா மனைவி, மவன், மவ, அம்மா எல்லாரும் முதல் வகுப்பு, சம பங்கு. நாலா பிரிச்சா ஆளுக்கு 2,10,000. இப்ப பாட்டியோட 2,10,000ஐ மட்டும் தனியா எடுங்க. பாட்டிக்கு முன்னால தாத்தா போயாச்சு, அதனால மூணு பிள்ளைங்க வழிக்கும் சமமா 70,000. உங்க அப்பாவுக்கு 70,000, அத்தைக்கு 70,000, சித்தப்பா வழியில உள்ள 70,000 அவரு பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் 35,000 வீதம். அந்த 70,000ல சித்திக்கு பங்கு வராது, ஏன்னா அது மாமியார் சொத்து, முன்னால இறந்த மவனோட பிள்ளைங்களுக்குத்தான் போகும், மருமவளுக்கு இல்ல. கடைசியில சித்தி 2,10,000, மவன் 2,45,000, மவ 2,45,000, உங்க அப்பா 70,000, அத்தை 70,000. கூட்டிப் பாத்துக்கிடுங்க. டெபாசிட் வட்டி சேரும்போது தொகை கொஞ்சம் ஏறும், விகிதம் இதே தான்.

ஆனா இந்தக் கணக்கை பேங்க் போடாது. யாருக்கு எவ்வளவுன்னு சான்றிதழ்லயும் இருக்காது. பேங்க் பாக்கறது ஒண்ணே ஒண்ணு, உரிமை உள்ள அத்தனை பேரும் ஒண்ணு பணம் கேக்கறவங்களா வந்திருக்கணும், இல்ல ஆட்சேபணை இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கணும். அதனால பாட்டிக்கும் இறப்புச் சான்று, வாரிசு சான்றிதழ் வாங்குங்க, அதையும் இதே மாதிரி மாத்தி நோட்டரி சீல் வச்சு ஒண்ணாக் குடுங்க. முதல் சான்றிதழை மட்டும் கொண்டு போயிருந்தா நாலாவது ஆளு எங்க, கையெழுத்து எங்கன்னு ஃபைல் அங்கயே நின்னிருக்கும்.

குளச்சல் கடலோரம்
09.01.2026, இரவு 10.30

சார் எங்களுக்கும் இதே தான். எங்க அப்பா போனதும் அப்பாவுக்க அம்மைக்கும் பங்கு உண்டுன்னு சித்தப்பாமாரு சொல்லுதாவ. நாங்க மூணு பொம்பளப் பிள்ளைங்க, அம்மா இருக்காவ. நாங்க கிறிஸ்டின். பணம் நாகர்கோவில் பிராஞ்ச்ல, அதனால மொழிபெயர்ப்பு தேவை இல்ல.

ரிட்டயர்டு மேனேஜர், மார்த்தாண்டம்
10.01.2026, காலை 6.40

உங்க கேஸ் வேற மா. உங்களுக்கு 1925 சட்டம். பிள்ளைங்க இருந்தா மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மிச்ச ரெண்டு பங்கு பிள்ளைங்களுக்குச் சமமா. பிள்ளைங்க இருக்கும்போது இறந்தவரோட அம்மாவுக்குப் பங்கு கிடையாது. மேல நான் போட்ட கணக்கை உங்க வீட்டுல காட்டாதீங்க, அது இந்துக் குடும்பத்துக்கு. பழைய திருவிதாங்கூர் கிறிஸ்தவ சட்டத்துல பொம்பளப் பிள்ளைங்களுக்கு ரொம்பக் குறைச்சல்னு யாராவது பழைய கதை சொன்னா, 1986ல மேரி ராய் வழக்குல உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951லயே ரத்தாயாச்சு, 1925 சட்டம் தான்னு சொல்லியாச்சு.

பாட்டியை நீங்க பாத்துக்கிடறது வேற விஷயம், அது மனசைப் பொறுத்தது.

துபாய் நாஞ்சிலான்
10.01.2026, மாலை 4.00

துபாய் தம்பிக்கு ஒண்ணு. பேங்க் ஃபாரத்துல ஆட்சேபணை இல்லாக் கடிதத்தை இங்க ரூம்ல கையெழுத்து போட்டு வாட்சப்ல அனுப்பாதீங்க, எடுக்க மாட்டாங்க. இந்தியன் கான்சுலேட் முன்னால கையெழுத்து போட்டு அட்டெஸ்டேஷன் வாங்கி, ஒரிஜினலை கூரியர்ல அனுப்பணும். அவரும் பணம் வாங்குற ஆளா இருந்து அம்மாவுக்கு பவர் குடுக்கறதா இருந்தா, பவர் பத்திரம் ஊருக்கு வந்து சேர்ந்து மூணு மாசத்துக்குள்ள அதுக்கு ஸ்டாம்ப் போட்டிரணும். எங்க மச்சான் பத்திரம் பீரோவுலயே மூணு மாசம் தாண்டி கிடந்து போச்சு, மறுபடி ஒண்ணு எழுத வேண்டியதாப் போச்சு.

இரணியல் செல்வம்
10.01.2026, மாலை 6.10

மேனேஜர் சார் சொன்னது ஒத்துக்கிடுறேன், 15 லட்சம் விஷயத்தை வாட்சப்ல வந்ததை வச்சு சொன்னேன். ஆனா நாமினி போட்டிருந்தா இந்தப் பாடே வந்திருக்காது, நாமினிக்கு தான் பணம் சொந்தம், வேற யாரும் வாய் தொறக்க முடியாது, அதுல மாத்தம் இல்ல.

ரிட்டயர்டு மேனேஜர், மார்த்தாண்டம்
10.01.2026, இரவு 8.25

அதுலயும் பாதி. நாமினி இருந்தா பேங்க் அவர்கிட்ட குடுத்துட்டு பொறுப்பு முடிஞ்சு போயிரும், வாரிசு சான்றிதழும் மொழிபெயர்ப்பும் பேங்குக்கு வேண்டாம். ஆனா நாமினி வாரிசுகளுக்காக வாங்கி வைக்கற கை தான். வாரிசுகள் அவர்கிட்ட பங்கு கேக்கலாம், கோர்ட்டும் அப்படித்தான் சொல்லியிருக்கு. 2025 நவம்பர்ல இருந்து ஒரு கணக்குக்கு நாலு பேரு வரைக்கும் நாமினி போடலாம்னு வந்தாச்சு, இருக்கற கணக்குல எல்லாரும் போய் போடுங்க.

தக்கலை மைந்தன்
13.01.2026, இரவு 9.55

சித்திகிட்ட சொன்னேன். அப்பா உடனே எனக்கு ஒண்ணும் வேண்டாம், எங்க வேணும்னாலும் கையெழுத்து போடுறேன்னு சொல்லிட்டாவ. அத்தை தான் யோசிக்காவ. பணத்துக்காக இல்ல, ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்து போட்டா தனக்கு உரிமையே இல்லன்னு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிருமோன்னு பயம். நாளைக்கு பாட்டிக்க வீட்டு மனைக்கும் இதையே காட்டுவாங்களோன்னு மாமா கேக்குதாவ. என்ன பதில் சொல்ல?

குழித்துறை நோட்டரி ஆபீஸ்
14.01.2026, காலை 8.00

அத்தை பயப்படறதுல நியாயம் இருக்கு. சில பேங்க் ஃபாரத்துல எனக்கு உள்ள எல்லா உரிமையையும் விட்டுக் குடுக்கறேன்னே அச்சடிச்சு இருக்கும். எங்க வக்கீல் சார் சொல்லுவாரு, அதுல கையெழுத்து போட்டுட்டு பிறகு பங்கு கேட்டா கேஸ் இழுக்கும்னு.

ரிட்டயர்டு மேனேஜர், மார்த்தாண்டம்
14.01.2026, காலை 9.30

நான் அப்படி நினைக்கல. அந்தக் கடிதம் இந்தக் கணக்கு நம்பருக்கு, பணத்தை இன்னாருகிட்ட குடுக்கறதுக்கு மட்டும். மனைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வக்கீல் சார் அபிப்பிராயம் வேறயா இருக்கலாம், ஃபாரத்துல உள்ள வாசகத்தைப் பாத்து தான் சொல்ல முடியும். அத்தைக்கு மனசு ஒப்பலைன்னா ரெண்டு வழி. ஒண்ணு, அத்தையும் பணம் கேக்கற ஆளா ஃபாரத்துல சேரட்டும், 70,000ஐ வாங்கி பிறகு இஷ்டம் போல செய்யட்டும். இன்னொண்ணு, கையெழுத்து போடும்போதே குடும்பத்துக்குள்ள தனியா ஒரு ஒப்பந்தம் எழுதிக்கிடுங்க. கட்டாயப்படுத்தாதீங்க. ஒரு வாரிசு ஆட்சேபிச்சு ஒரு கடிதம் குடுத்தா சுருக்க வழி அடைஞ்சு போயிரும், பிறகு கோர்ட்டு தான்.

பொங்கல் வாழ்த்துகள் எல்லாருக்கும்.

ரிட்டயர்டு மேனேஜர், மார்த்தாண்டம்
17.01.2026, காலை 6.30

மைந்தன் முதல்ல கேட்ட வரிசையை இன்னும் யாரும் முழுசா சொல்லல, அதனால உங்க கேஸுக்கு மட்டும் சொல்றேன்.

முதல்ல பிராஞ்சுக்கு இறப்பை எழுத்துல தெரிவிச்சு, பாக்கி எவ்வளவு, டெபாசிட் எத்தனை இருக்குன்னு கேளுங்க. தெரிவிச்ச உடனே கணக்கை நிறுத்திருவாங்க, அதுல பயப்பட ஒண்ணும் இல்ல. சித்தப்பா ஏடிஎம் கார்டு வீட்டுல இருந்தா யாரும் தொடக்கூடாது, பின் நம்பர் தெரிஞ்சாலும் தான். இறந்த தேதிக்குப் பிறகு எடுத்திருந்தா மத்த வாரிசுகளுக்கு யாரு எடுத்தாங்கன்னு கேள்வி வரும், கிளெய்ம் அங்கயே சிக்கிக்கிடும்.

கூடவே அவங்க கிளெய்ம் ஃபாரம், பாண்டு, ஆட்சேபணை இல்லாக் கடிதம் மூணோட மாதிரியையும் வாங்கிட்டு வாங்க. ஒவ்வொரு பேங்குக்கும் வாசகம் வேற, வெளியில டைப் பண்ணினா திருப்பி விடுவாங்க. பாண்டுக்கு எந்த ஸ்டேட் ஸ்டாம்ப் பேப்பர்னு அப்பவே கேட்டுருங்க. தக்கலையில கையெழுத்து போட்டா தமிழ்நாட்டுப் பேப்பர் தான் முறை, ஆனா அங்க உள்ள பிராஞ்ச் கேரளா பேப்பர் கேக்கலாம், அப்படிக் கேட்டா சித்தியை அங்கயே கூட்டிட்டுப் போயி கையெழுத்து போட வச்சிருங்க.

அதுக்குப் பிறகு பாட்டி வாரிசு சான்றிதழுக்கு இ-சேவையில மனு. அது வர்ற வரைக்கும் காத்திருக்கற நேரத்துல முதல் சான்றிதழ் மொழிபெயர்ப்பு, பேரு அபிடவிட், துபாய் கடிதம் இத்தனையும் முடியும்.

எல்லாம் கையில வந்த பிறகு ஒரே தடவையா குடுங்க, இது ரொம்ப முக்கியம். தேவையான பேப்பர் முழுசும் கிடைச்ச நாள்ல இருந்து 15 நாளைக்குள்ள பேங்க் முடிக்கணும், அவங்க பக்கம் தாமதம்னா ரிசர்வ் வங்கி அறிவிக்கற வங்கி விகிதத்துக்கு மேல 4 சதவீதம் சேத்து வருஷ வட்டி குடுக்கணும். ஒவ்வொண்ணா கொண்டு போயி குடுத்தா அந்த 15 நாள் எப்ப தொடங்குச்சுன்னே யாருக்கும் தெரியாது. அதனால குடுத்த பேப்பர் பட்டியலை ரெண்டு காப்பி எழுதி, ஒண்ணுல தேதியோட சீல் போட்டு வாங்குங்க. மூலச் சான்றிதழைக் காட்டி சரிபாக்க விடுங்க, காப்பி மட்டும் குடுங்க.

பிக்சட் டெபாசிட் முதிர்வு வரைக்கும் காத்திருக்கத் தேவை இல்ல. இறப்பு காரணமா முன்னாலயே முடிச்சா அபராதம் பிடிக்கக்கூடாது. கவுண்டர்ல இருக்கற பிள்ளைங்க வழக்கமான முன்கூட்டி முடிப்பு மாதிரி சிஸ்டத்துல போட்டு ஒரு சதவீதம் பிடிச்சிருவாங்க, வரவு வந்ததும் வட்டிக் கணக்கைப் பாருங்க.

சித்தப்பாவுக்கு வேற கணக்கு இருந்துச்சான்னு சந்தேகம் இருந்தா udgam.rbi.org.in ல பேரு போட்டுத் தேடுங்க, பத்து வருஷத்துக்கு மேல யாரும் தொடாம கிடக்கற கணக்கு தான் அதுல வரும். பேரைத் தேடும்போது அந்த ஓ போட்ட ஸ்பெல்லிங்கையும் போட்டுப் பாருங்க.

தக்கலை மைந்தன்
17.01.2026, இரவு 10.05

சார் இதை பிரிண்ட் எடுத்து சித்திக்கு வாசிச்சுக் காட்டுனேன். ஏடிஎம் கார்டு அலமாரியில தான் இருக்கு, யாரும் எடுக்கல. சித்தி அதை அப்படியே என்கிட்ட தந்துட்டாவ, பிராஞ்ச்ல ஒப்படைச்சிருதேன்.

தக்கலை மைந்தன்
11.02.2026, இரவு 8.45

பாட்டி வாரிசு சான்றிதழ் கிட்டியாச்சு. குழித்துறை அண்ணன் சொன்ன மாதிரியே ரெண்டையும் புதுசா மாத்தி நோட்டரி சீல் வச்சாச்சு. பழைய டைப்பிங் சென்டர் பேப்பரை பிராஞ்ச்ல இருந்து திருப்பி வாங்கிட்டேன், ஒரே ஃபைல்ல ரெண்டு விதமான மொழிபெயர்ப்பு கிடந்தா குழப்பம். துபாய் கடிதம் வந்திருச்சு. அத்தை பணம் கேக்கற ஆளாவே சேர்ந்துக்கிட்டாவ, அவியளுக்கும் அது தான் நிம்மதி. அப்பா கடிதம் குடுத்தாச்சு.

நேத்து எல்லாத்தையும் ஒண்ணா குடுத்தோம். மேனேஜர் பழைய லிமிட் தான் எங்க பேங்க்ல இன்னும் ஓடுது, மேலாபீஸ்ல கேட்டு சொல்றேன்னு சொன்னாரு. சீல் போட்ட பட்டியல் கையில இருக்கு. பாண்டு தக்கலையில வச்சே கையெழுத்தாச்சு, அதை வாங்கிக்கிட்டாங்க. கெசட் பத்தி அவரும் கேட்டாரு, சார் சொன்ன பதிலைச் சொன்னேன், கியூஆர் ஸ்கேன் ஆனதும் விட்டுட்டாரு.

ரிட்டயர்டு மேனேஜர், மார்த்தாண்டம்
12.02.2026, காலை 6.25

மார்ச் 31 வரைக்கும் பழைய லிமிட்னு சொல்ல அவங்களுக்கு இடம் உண்டு. அப்படி மூணாவது ஆள் ஜாமீன் கேட்டா, அவசரம் இல்லைன்னா ஏப்ரல் வரைக்கும் பொறுங்க, அவசரம்னா மரக்கடை முதலாளிகிட்ட கேளுங்க. பதிலை எழுத்துல வாங்குங்க. பேங்குக்கு எழுத்துல புகார் குடுத்து ஒரு மாசத்துக்குள்ள பதிலே இல்லைன்னா cms.rbi.org.in ல ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மனுக்குப் போடலாம்.

குளச்சல் கடலோரம்
12.02.2026, மதியம் 2.10

சார் இன்னொண்ணு, எங்க அப்பாவுக்கு கூட்டுறவு கடன் சங்கத்துலயும் ஒரு டெபாசிட் உண்டு. அதுக்கும் இந்த 5 லட்சம் ரூல் தானா?

ரிட்டயர்டு மேனேஜர், மார்த்தாண்டம்
12.02.2026, இரவு 9.00

இல்ல மா. தொடக்க வேளாண்மை கடன் சங்கம்னா அது பேங்க் கணக்குல வராது, ரிசர்வ் வங்கி உத்தரவு அங்க செல்லாது. அது கூட்டுறவுச் சட்டம், சங்கத்தோட துணைவிதி. செயலாளர்கிட்ட துணைவிதியில இறந்த உறுப்பினர் பத்தி என்ன இருக்குன்னு காட்டச் சொல்லுங்க. ரசீதுல சங்கம்னு இருக்கா, வங்கின்னு இருக்கான்னு முதல்ல பாருங்க.